சம்ப் கட்டும் ஒப்பந்தக் குறிப்பில் "யார், எதை, எவ்வளவு" என்று எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 60,000 லிட்டர் நிலத்தடிக் குடிநீர்த் தொட்டி ஒன்று கட்ட ஒப்பந்தப்புள்ளி கேட்கப் போகிறோம். தொழில்நுட்பக் குறிப்பில் நான் எழுதியது இது: "தொட்டி 60,000 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். தரமான கான்கிரீட்டில் நீர்க்கசிவின்றிக் கட்டப்பட வேண்டும். முறையாகக் கியூரிங் செய்யப்பட வேண்டும். தேவைப்பட்டால் நீர்ச்சோதனை செய்யப்பட வேண்டும். சுத்தம் செய்து, குளோரின் இட்டு, பரிசோதித்து ஒப்படைக்கப்பட வேண்டும்." படித்த பொறியாளர் ஒருவர் "யார், எதை, எவ்வளவு என்று எதிலுமே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை எப்படித் திருத்துவது?

பதில்:

பொறியாளர் சொன்னது சரிதான். ஆனால் தவறு முழுவதும் உங்களுடையது அல்ல. தமிழில் "வேண்டும்" என்று முடியும் வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாவிட்டாலும் குறையாகத் தெரியாது. "சோதனை செய்யப்பட வேண்டும்" என்பது காதுக்கு முழுமையாகவே ஒலிக்கிறது. யார் செய்வது என்ற கேள்வி படிக்கும்போது எழுவதே இல்லை. வேலை பாதியில் நிற்கும்போதுதான் எழுகிறது.

ஆகவே முதலில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, உங்கள் குறிப்பில் "-ப்பட வேண்டும்" என்று முடியும் ஒவ்வொரு இடத்தையும் கோடிடுங்கள். ஐந்து வாக்கியங்களில் நான்கு அப்படித்தான் முடிகின்றன. இந்த ஒப்பந்தத்தில் கடமை ஏற்கக்கூடியவர்கள் மூன்றே பேர்: ஒப்பந்ததாரர், உங்கள் குடியிருப்போர் சங்கம், சங்கம் அமர்த்தும் பொறியாளர். கோடிட்ட ஒவ்வொரு இடத்திலும் இவர்களில் ஒருவர் பெயர் வர வேண்டும். நான்காவதாக "தொட்டி" என்ற பொருளும் எழுவாயாக வரலாம். ஆனால் பொருளுக்குக் கடமை இல்லை, தன்மை மட்டுமே உண்டு. "தொட்டி இப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் எழுதினால், அது அப்படி இருக்கிறதா என்று யார், எப்படிக் கண்டுபிடிப்பார் என்று சொல்லும் இன்னொரு வாக்கியம் அதற்குத் துணையாகத் தேவைப்படும்.

உங்கள் குறிப்பிலேயே மிக முக்கியமான சொல் "நீர்க்கசிவின்றி". அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், மற்றவை அதைப் பின்பற்றி எளிதில் வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பில் இதே போன்ற தொட்டிக்கு ஆலோசகராக இருந்தேன். குறிப்பு நான் சேருவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதில் "நீர்ச்சோதனை செய்யப்பட வேண்டும்" என்று மட்டுமே இருந்தது. சோதனைக்கு ஐந்து டேங்கர் லாரித் தண்ணீர் தேவைப்பட்டது. "தண்ணீர் சங்கம் தர வேண்டும்" என்றார் ஒப்பந்ததாரர். "சோதனை உங்கள் வேலை, தண்ணீரும் உங்களுடையது" என்றது சங்கம். இரண்டுமே குறிப்புக்கு முரணானவை அல்ல. ஆறு வாரம் இழுபறி. அதற்குள் மழைக்கு முன் குழியை மூட வேண்டும் என்று சுற்றிலும் மண் நிரப்பிவிட்டார்கள். பிறகு சோதித்தபோது நீர்மட்டம் இறங்கியது. எந்தச் சுவரில் கசிகிறது என்று பார்க்க வெளிப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை. மீண்டும் தோண்டினார்கள். அந்தச் செலவை யார் ஏற்பது என்று அடுத்த சண்டை தொடங்கியது. இவ்வளவுக்கும் காரணம் எழுவாய் இல்லாத ஒரு வாக்கியம்.

இனி "கசிவின்றி" என்பதற்கு அளவைத் தேடுவோம். கான்கிரீட் தொட்டியில் நீர் சிறிதும் குறையாது என்று எதிர்பார்க்க முடியாது. முதல் சில நாட்கள் கான்கிரீட்டே நீரை உறிஞ்சும், கொஞ்சம் ஆவியாகும். அதனால்தான் நீர்த்தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3370இன் 2009 பதிப்பு, நீரை நிரப்பி 7 நாள் விட்டுவைத்து, அதன்பின் அடுத்த 7 நாட்களில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறது. எவ்வளவு இறங்கினால் ஏற்கலாம் என்பதைப் பொறுப்புப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும் என்று கூறிவிட்டு, மேல்மூடி உள்ள நிலத்தடித் தொட்டிக்குப் பல பயன்பாடுகளில் 40 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம் என்கிறது. பிரிட்டனில் நீண்ட காலம் வழக்கில் இருந்த பி.எஸ். 8007 இன்னும் கடுமையானது. அதன்படி 7 நாட்களில் நீர் ஆழத்தின் ஐந்நூற்றில் ஒரு பங்கு அல்லது 10 மில்லிமீட்டர், இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை.

உங்கள் தொட்டியின் உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர், நீர் ஆழம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 24 சதுர மீட்டர். மட்டம் 40 மி.மீ. இறங்கினால் 960 லிட்டர் போயிருக்கிறது. 10 மி.மீ. என்றால் 240 லிட்டர். ஐந்நூற்றில் ஒரு பங்கு என்றால் 5 மி.மீ., அதாவது 120 லிட்டர். மூன்று எண்களும் "கசிவில்லாத தொட்டி" என்ற ஒரே சொல்லின் பொருள்களே. ஒரு எல்லைக்கும் இன்னொன்றுக்கும் எட்டு மடங்கு வேறுபாடு. நீங்கள் எண் எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் 960 லிட்டரை மனத்தில் வைத்து விலை சொல்வார், நீங்கள் சொட்டுக்கூட இறங்காத தொட்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள்.

என் முடிவு 10 மி.மீ. இது குடிநீர்த் தொட்டி. உள்ளிருந்து நீர் வெளியேறும் வழியாகவே, தொட்டி காலியாக இருக்கும்போது வெளியில் உள்ள அழுக்கு நீர் உள்ளே வரும். எனவே 40 எனக்கு அதிகம். 5 மி.மீ. நல்ல எல்லைதான், ஆனால் சாதாரண எஃகு அளவுகோலில் முதல் அளவிலும் கடைசி அளவிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் பிழை வந்தாலே 2 மி.மீ. போய்விடும். அப்போது சண்டை அளவைப் பற்றியதாகிவிடும். கையில் இருக்கும் கருவியால் ஐயமின்றி அளக்க முடிகிற எண்ணையே எல்லையாக எழுத வேண்டும்.

எண் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. அந்த எண் எந்த நிலையில் அளக்கப்படுகிறது என்பதும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். நிலத்தடித் தொட்டியில் இது மிகவும் முக்கியம். வெளியே நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால், விரிசல் வழியே நீர் வெளியேறுவது தடைபடும். சில நேரம் உள்ளேகூட வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்தவுடன் இப்படிச் சோதித்தால் ஓட்டைத் தொட்டியும் தேர்ச்சி பெற்றுவிடும். அதே போல, வெளியேற்றும் குழாயின் வால்வு ஒழுகினால் நல்ல தொட்டி தோற்றுவிடும். இரண்டையும் வாக்கியத்திலேயே அடைக்க வேண்டும்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

> 3.1 ஏழு நாள் நீர்ச்சோதனையில் தொட்டியின் நீர்மட்டம் 10 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது.
>
> 3.2 ஒப்பந்ததாரர், வெளிப்புற மண் நிரப்புவதற்கும் உட்பூச்சு பூசுவதற்கும் முன், தொட்டியை வழிந்தோடும் குழாயின் மட்டம் வரை தன் செலவில் நீரால் நிரப்ப வேண்டும்.
>
> 3.3 ஒப்பந்ததாரர், நிரப்பத் தொடங்கும் முன் எல்லாக் குழாய் வாய்களையும் அடைப்புத் தகடு கொண்டு மூட வேண்டும்.
>
> 3.4 ஒப்பந்ததாரர், நிரப்பத் தொடங்கியதிலிருந்து சோதனை முடியும் வரை, குழியில் உள்ள நிலத்தடி நீரைத் தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.
>
> 3.5 சங்கப் பொறியாளர், நிரப்பி முடித்து 7 முழு நாட்கள் கழிந்தபின் முதல் அளவையும், அதன்பின் 7 நாட்கள் தினமும் காலை 8 மணிக்கு ஓர் அளவையும், சுவரில் பதித்த 1 மி.மீ. பிரிவுள்ள எஃகு அளவுகோலில் ஒப்பந்ததாரரின் முன்னிலையில் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.
>
> 3.6 சோதனையில் தொட்டி தவறினால், ஒப்பந்ததாரர் கசிவைச் சரிசெய்து 3.2 முதல் மீண்டும் தன் செலவில் செய்ய வேண்டும்.
>
> 3.7 சங்கப் பொறியாளர், கடைசி அளவு எடுத்த நாளிலிருந்து 2 வேலை நாட்களுக்குள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.
>
> 3.8 சங்கப் பொறியாளர் தேர்ச்சியை எழுத்தில் தெரிவிக்கும் வரை, ஒப்பந்ததாரர் வெளிப்புற மண் நிரப்பக்கூடாது.

ஒரு வரி எட்டாக விரிந்துவிட்டதே என்று தோன்றும். அந்த ஒரு வரிக்குள் எட்டு முடிவுகள் எடுக்கப்படாமல் கிடந்தன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் களத்தில், அவசரத்தில், தமக்குச் சாதகமாக எடுத்திருப்பார்.

இதில் 3.7ஐக் கவனியுங்கள். அது நம் தரப்புக் கடமை. குறிப்பு எழுதுகிறவர்கள் ஒப்பந்ததாரரின் கடமைகளை மட்டும் எழுதுவார்கள். ஆனால் 3.8 அவர் கையைக் கட்டிப்போடுகிறது. திறந்த குழியை வைத்துக்கொண்டு, பொறியாளர் ஊரிலிருந்து திரும்பும் வரை அவர் காத்திருக்க நேர்ந்தால் தாமதத்துக்கு யார் பொறுப்பு? தடை விதிக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், தடையை நீக்க வேண்டியவர் யார், எத்தனை நாளில் என்ற வாக்கியம் வேண்டும். நாள் எண்ணும்போது தொடக்கத்தையும் எழுதுங்கள். வெறுமனே "2 நாட்களுக்குள்" என்றால் எந்த நாளிலிருந்து என்று கேள்வி வரும்.

"மண் நிரப்பலாம்" போன்ற "-லாம்" முடிவுகளிலும் எச்சரிக்கை தேவை. அது அனுமதியாகவும் இருக்கும், "அப்படி நடக்கக்கூடும்" என்ற ஊகமாகவும் இருக்கும். குறிப்பில் கடமைக்கு "வேண்டும்", தடைக்கு "கூடாது", உண்மையான விருப்பத் தேர்வுக்கு மட்டும் "லாம்" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை மாறாமல் எழுதுங்கள். நடுவில் "அவசியம்", "நல்லது", "எதிர்பார்க்கப்படுகிறது" என்று சொல்லை மாற்றினால் பொருளும் மாறியதாகத்தான் வாதிடுவார்கள். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் குறை. இங்கே திரும்ப வராவிட்டால்தான் குறை.

"தேவைப்பட்டால்" என்பதை நீக்கியே விட்டேன். யாருக்குத் தேவைப்பட்டால் என்று கேட்டுப் பார்த்தேன், விடை இல்லை. குடிநீர்த் தொட்டிக்கு நீர்ச்சோதனை எப்போதுமே தேவை. உண்மையிலேயே நிபந்தனை இருக்கும் இடத்தில், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய நிகழ்வை எழுதுங்கள். 3.6இல் உள்ள "சோதனையில் தொட்டி தவறினால்" அப்படிப்பட்டது. தவறியதா இல்லையா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அடுத்து "60,000 லிட்டர்". இதில் எண் இருக்கிறது, ஆகவே சரி என்று நினைத்திருப்பீர்கள். எங்கிருந்து எங்குவரை 60,000? தரையிலிருந்து வழிந்தோடும் குழாய் வரை 2.5 மீட்டர் என்றால் கணக்கு சரியாக 60,000 வரும். ஆனால் மோட்டாரின் புட் வால்வு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் நின்றால், அதற்குக் கீழே உள்ள 4,800 லிட்டரை நீங்கள் ஒருபோதும் எடுக்க முடியாது. கையில் இருப்பது 55,200 லிட்டர்தான். உங்களுக்கு வேண்டியது எடுத்துப் பயன்படுத்தும் நீர். ஆகவே "தொட்டி, புட் வால்வின் உறிஞ்சு மட்டத்துக்கும் வழிந்தோடும் குழாயின் கீழ் விளிம்புக்கும் இடையே குறைந்தது 60,000 லிட்டர் கொள்ள வேண்டும்" என்று எழுதுங்கள். அடுத்த வரியில், சங்கப் பொறியாளர் உள்ளளவுகளை நாடாவால் அளந்து இதைக் கணக்கிட்டு உறுதி செய்ய வேண்டும் என்று சேருங்கள். "குறைந்தது" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 59,000 லிட்டர் "ஏறக்குறைய அதுதானே" என்று ஆகிவிடும்.

"தரமான கான்கிரீட்" எளிது. ஐ.எஸ். 3370இன் 2009 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட் தொட்டிக்குக் குறைந்தது எம்30 தரமும், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மிகாமலும் கேட்கிறது. இந்த இரண்டு எண்களும் கான்கிரீட்டின் வலிமையை அறிய யார் கனசதுரக் கட்டிகளை எடுத்துச் சோதிப்பார் என்பதும் இருந்தால் போதும். தரநிலையின் எண்ணை எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஐ.எஸ். 3370 2021இல் திருத்தப்பட்டது. ஆண்டு இல்லாவிட்டால் இரு தரப்பும் வெவ்வேறு பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். ஒப்பந்தப்புள்ளி வெளியிடும் நாளில் நடப்பில் உள்ள பதிப்பை எடுத்து, அதில் எண்களைச் சரிபார்த்து, அந்த ஆண்டையே எழுதுங்கள்.

கியூரிங் விஷயத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சரியாகத் தண்ணீர் காட்டினார்களா என்பதைப் பிறகு தொட்டியைப் பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கசிவைப் போல விளைவை அளக்க வழியில்லாததால், இங்கே செய்முறையைத்தான் எழுத வேண்டும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456இன் 2000 பதிப்பு, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் கேட்கிறது. சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடத்தில் அவை 10, 14 நாட்களாகும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கலப்புச் சிமென்ட்தான், கோடையில் கட்டுகிறீர்கள் என்றால் 14 என்று எழுதிவிடுங்கள்.

> 2.4 ஒப்பந்ததாரர், ஒவ்வொரு சுவரின் ஷட்டரிங்கைப் பிரித்த 1 மணி நேரத்துக்குள் அதன் இரு முகங்களையும் ஈரச் சணல் சாக்கால் மூட வேண்டும்.
>
> 2.5 ஒப்பந்ததாரர், அந்தச் சுவருக்குக் கான்கிரீட் போட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்கள், இரவு பகல் எந்நேரத்திலும் சாக்கு உலராமல் வைத்திருக்க வேண்டும்.

"உலராமல்" என்பது எண் அல்ல. ஆனாலும் அளக்கக்கூடியதுதான். காவலாளி சாக்கைத் தொட்டுப் பார்த்தாலும் பொறியாளர் தொட்டுப் பார்த்தாலும் ஒரே விடை வரும். எல்லா இடத்திலும் எண்ணைத் திணிக்க வேண்டியதில்லை. "தினமும் 6 முறை தண்ணீர் அடிக்க வேண்டும்" என்று எழுதினால் எண் இருக்கிறது, ஆனால் ஆறு முறை அடித்தும் மதிய வெயிலில் சுவர் காய்ந்திருக்கும்.

விளைவை அளக்க முடிகிற இடத்தில் செய்முறையையும் சேர்த்து எழுதாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். கசிவுக்கு 10 மி.மீ. எல்லை வைத்துவிட்டு, கூடவே "இன்ன நிறுவனத்தின் நீர்த்தடுப்பு மருந்தை இன்ன விகிதத்தில் கலக்க வேண்டும்" என்றும் எழுதினால், தொட்டி கசியும்போது அவர் "நீங்கள் சொன்ன மருந்தைத்தான் கலந்தேன்" என்பார். அந்த வாதம் நியாயமானது. செய்முறையை நீங்கள் தேர்ந்தெடுத்தால் விளைவின் பொறுப்பில் ஒரு பகுதி உங்களிடம் வந்துவிடுகிறது.

கடைசி வாக்கியத்தில் "சுத்தம் செய்து, இட்டு, பரிசோதித்து" என்று வினையெச்சங்களை அடுக்கி, ஒரே "வேண்டும்" போட்டு முடித்திருக்கிறீர்கள். தமிழுக்கு இது அழகு. குறிப்புக்கு ஆபத்து, ஏனென்றால் நான்கு வேலைகளில் மூன்று முடிந்து ஒன்று மட்டும் தவறினால், எந்த விதி மீறப்பட்டது என்று எண் போட்டுக் காட்ட முடியாது. ஒவ்வொரு "-து", "-ட்டு" இருக்கும் இடத்திலும் வாக்கியத்தை வெட்டுங்கள். பரிசோதனைக்கு நல்ல எல்லை ஏற்கெனவே இருக்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500இன் 2012 பதிப்பின்படி, 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ. கோலை, கோலிஃபார்ம் இரண்டும் காணப்படக்கூடாது. மாதிரியை யார் எடுப்பது, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது, கட்டணம் யார் தருவது என்பதை எழுதினால் போதும். என் கருத்தில், மாதிரியைச் சங்கப் பொறியாளரின் முன்னிலையில் ஆய்வக ஊழியரே எடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பாட்டிலில் கொண்டுவரும் நீர் எந்தத் தொட்டியின் நீர் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். இந்த வேலையைப் பற்றி ஒன்றும் அறியாத, ஆனால் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் குறிப்பைத் தனித்தனியே கொடுங்கள். ஒவ்வொரு எண்ணிட்ட வாக்கியத்துக்கும் எதிரே "யார் செய்வார், எப்போது, எதைப் பார்த்து முடிந்தது என்பேன்" என்று எழுதச் சொல்லுங்கள். இருவர் தாள்களும் மாறுபடும் வாக்கியத்தை மட்டும் மீண்டும் திருத்துங்கள். நான் எழுதிய குறிப்புகளிலும் இரண்டு மூன்று வாக்கியங்கள் எப்போதும் இப்படிப் பிடிபடும். பெரும்பாலும் நாள் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதில்தான்.

அதன்பின் வேலை அளவுப் பட்டியலை எடுத்து 3.2, 3.4 போன்ற செலவு தரும் கடமைகளுக்கு அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை நீர், குழியில் நீர் இறைக்கும் மோட்டார் வாடகை, ஆய்வகக் கட்டணம் ஆகியவற்றுக்கு விலை எழுத இடம் இல்லாவிட்டால் அவற்றை "இதர வேலை" என்று பின்னால் தனியாகக் கேட்பார்கள். பட்டியலின் அந்த வரியில் "விதி 3.2இன்படி" என்று எண்ணையும் குறித்துவிடுங்கள். விலை சொல்பவர் அந்த விதியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் தொகையை எழுதுவார்.